280 நானோமீட்டரில் கிடைக்கும் எண்ணிலிருந்து புரதத்தின் செறிவுக்கு

கேள்வி: ஈ.கோலையில் உருவாக்கி நிக்கல் தூணில் பிரித்தெடுத்த 27 கிலோடால்டன் புரதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நானோடிராப்பில் "1 Abs = 1 mg/mL" என்ற அமைப்பில் அளந்தால் 2.4 வருகிறது, 260/280 விகிதம் 0.98. எலூஷன் பஃபரையே பிளாங்காக வைத்தேன். பிஎஸ்ஏ ஸ்டாண்டர்டு வைத்து பிராட்ஃபோர்டு செய்தால் 1.1 தான். வரிசையை ProtParam-இல் போட்டால் 31190, 30940 என்று இரண்டு எண்கள் (4 டிரிப்டோஃபேன், 6 டைரோசின், 4 சிஸ்டீன்). எதை எடுத்துக்கொள்வது, எப்படிக் கணக்கிடுவது?

பதில்:

உங்கள் கரைசலில் புரதம் ஏறத்தாழ 1.4 மி.கி./மி.லி. இருக்கிறது என்பது என் மதிப்பீடு. அதாவது நானோடிராப் சொல்லும் 2.4-உம் சரியில்லை, பிராட்ஃபோர்டு சொல்லும் 1.1-உம் சரியில்லை. ProtParam தரும் இரண்டு எண்களில் 30940-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தத் தேர்வால் ஒரு சதவீதம்கூட மாறப்போவதில்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது என்பதை உங்கள் 0.98 என்ற விகிதமே காட்டிக்கொடுக்கிறது. அதற்கு வருவதற்கு முன், ProtParam தரும் அந்த எண், அதாவது புரதத்தின் மோலார் உறிஞ்சல் குணகம், எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

புரதம் 280 நானோமீட்டரில் புற ஊதா ஒளியை உறிஞ்சுகிறது என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அந்த அலைநீளத்தில் உறிஞ்சுவது புரதம் முழுவதும் அல்ல. அதிலுள்ள டிரிப்டோஃபேன், டைரோசின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களின் வளையங்களும், மிகச் சிறிய அளவில் இரண்டு சிஸ்டீன்கள் இணைந்து உருவாகும் டைசல்ஃபைடு பிணைப்பும்தான். ஃபீனைல்அலனினுக்கும் வளையம் உண்டு என்றாலும் அதன் உச்சம் 257-ஐ ஒட்டி இருக்கிறது. 280-க்கு வருவதற்குள் அது அணைந்துவிடும். பெப்டைடு பிணைப்பு உறிஞ்சுவது 230-க்கும் கீழே. ஆகவே 280-இல் ஒரு புரதம் எவ்வளவு உறிஞ்சும் என்பது அதன் எடையைப் பொறுத்ததல்ல, இந்த மூன்றின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எண்ணிக்கை வரிசையிலிருந்தே தெரிந்துவிடுகிறது. ஒவ்வொன்றின் பங்கும் தெரிந்துவிட்டால் கூட்டல் கணக்குதான் மிச்சம்:

```
ε(280) = 5500 × nTrp + 1490 × nTyr + 125 × nSS
```

இதில் nSS என்பது டைசல்ஃபைடு பிணைப்புகளின் எண்ணிக்கை, சிஸ்டீன்களின் எண்ணிக்கை அல்ல. ε-இன் அலகு M⁻¹ cm⁻¹. இந்த மூன்று எண்களும் 1995-இல் பேஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்டவை. செறிவு வேறு வழியில் நன்றாகத் தெரிந்த எண்பது புரதங்களின் அளந்த குணகங்களோடு மிக நெருக்கமாகப் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. அதற்கு முன் 1989-இல் கில்லும் வான் ஹிப்பெலும் தந்த 5690, 1280, 120 என்ற எண்கள் புழக்கத்தில் இருந்தன. அவை 1967-இல் எடல்ஹாக் சிறு மாதிரிச் சேர்மங்களைக் கொண்டு 6 M குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் செய்த அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டவை. இந்த இரண்டு தொகுதிகளையும் பலர் ஒன்றுபோலப் பயன்படுத்துகிறார்கள். அது தவறு: முதல் தொகுதி மடிந்த நிலையில் நீரில் இருக்கும் புரதத்துக்கு, இரண்டாவது முழுவதும் மடிப்பு அவிழ்ந்த புரதத்துக்கு. இந்த வேறுபாடு பின்னால் நமக்கு உதவும்.

கணக்கை முதலில் எல்லாம் தெரிந்த ஒரு புரதத்தில் போட்டுப் பார்ப்போம். கோழி முட்டை வெள்ளைக்கருவில் கிடைக்கும் லைசோசைமில் 129 அமினோ அமிலங்கள். அவற்றில் 6 டிரிப்டோஃபேன், 3 டைரோசின், 8 சிஸ்டீன். எட்டு சிஸ்டீன்களும் இணைந்து 4 டைசல்ஃபைடு பிணைப்புகளாக இருக்கின்றன. 6 × 5500 = 33000; 3 × 1490 = 4470; 4 × 125 = 500; கூட்டினால் 37970. ProtParam இதைத்தான் இப்படிக் காட்டும்:

```
Ext. coefficient    37970
Abs 0.1% (=1 g/l)   2.653, assuming all pairs of Cys residues form cystines

Ext. coefficient    37470
Abs 0.1% (=1 g/l)   2.618, assuming all Cys residues are reduced
```

இரண்டாவது வரி, குணகத்தை மூலக்கூறு எடையால் வகுத்தது. அதாவது 1 மி.கி./மி.லி. கரைசல் 1 செ.மீ. பாதையில் காட்ட வேண்டிய உறிஞ்சல். லைசோசைமுக்கு அது 2.65. நேரடி அளவீடுகளில் கிடைத்திருக்கும் மதிப்பு 2.64-ஐ ஒட்டியது என்பதால், இந்த எளிய கூட்டல் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதை நீங்களே பார்க்கலாம்.

இப்போது 10 மி.கி. லைசோசைம் தூளை நிறுத்து, 1 மி.லி. பாஸ்பேட் பஃபரில் கரைத்ததாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 50 மைக்ரோலிட்டரை 950 மைக்ரோலிட்டர் பஃபரில் சேர்த்து 20 மடங்கு நீர்த்து, 1 செ.மீ. குவார்ட்ஸ் குவெட்டில் அளக்கிறோம். 280-இல் 1.187, 340-இல் 0.012 வருகிறது என்க. இந்தப் புரதம் 340-இல் எதையும் உறிஞ்சாது. அங்கே தெரியும் 0.012 கரையாத நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. சிதறல் அலைநீளம் குறையக் குறையக் கூடும். மிகச் சிறிய துகள்களுக்கு அது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், 340-இல் இருப்பது 280-இல் (340/280)⁴, அதாவது 2.17 மடங்காகிறது. எனவே கழிக்க வேண்டியது 0.012 அல்ல, 0.026. மிச்சம் 1.161.

பியர்–லம்பர்ட் விதிப்படி c = A / (ε × l). 1.161-ஐ 37970-ஆல் வகுத்தால் 30.6 மைக்ரோமோலார், 20-ஆல் பெருக்கினால் மூலக் கரைசல் 612 மைக்ரோமோலார், மூலக்கூறு எடை 14,305-ஆல் பெருக்கினால் 8.75 மி.கி./மி.லி. நிறுத்தது 10 மி.கி., கிடைத்தது 8.75. இது பிழை அல்ல. உறையுலர்த்திய புரதத் தூளில் ஈரமும் உப்பும் கலந்திருப்பது இயல்பு. தராசை நம்பிச் செறிவு எழுதுபவர்கள் இந்தப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தை ஒவ்வொரு முறையும் இழக்கிறார்கள். இதே கரைசலை "1 Abs = 1 mg/mL" என்ற அமைப்பில் படித்திருந்தால் 1.161 × 20 = 23 மி.கி./மி.லி. என்று வந்திருக்கும். பத்து மில்லிகிராம் போட்ட குப்பியிலிருந்து இருபத்துமூன்று மில்லிகிராம் எடுக்க முடியாது என்பதைவிட அந்த அமைப்பின் எல்லையைத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை. அந்த எண் செறிவே அல்ல, உறிஞ்சலுக்கு மி.கி. என்ற சட்டையை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி உங்கள் புரதத்துக்கு வருவோம். 4 × 5500 + 6 × 1490 = 30940; நான்கு சிஸ்டீன்களும் இரண்டு இணைப்புகளாகச் சேர்ந்திருந்தால் மேலும் 250, அதாவது 31190. உங்கள் புரதம் ஈ.கோலையின் சைட்டோபிளாசத்தில் உருவானதாக இருந்தால் அங்கே சிஸ்டீன்கள் பெரும்பாலும் இணையாமலே இருக்கும் என்பதால் 30940 பொருத்தமானது. பெரிபிளாசத்துக்கு அனுப்பப்பட்ட புரதமாகவோ, செல்லுக்கு வெளியே சுரக்கப்படும் புரதமாகவோ இருந்தால் 31190. வித்தியாசம் முக்கால் சதவீதம். பிப்பெட்டின் பிழையே அதைவிடப் பெரிது. டைரோசினும் டிரிப்டோஃபேனும் குறைவாக இருந்து டைசல்ஃபைடுகள் நிறைந்த சிறு புரதங்களில்தான் இந்தத் தேர்வுக்கு மதிப்பு வரும். மாட்டு ரிபோநியூக்ளியேஸ் ஏ-வில் டிரிப்டோஃபேனே இல்லை, 6 டைரோசின், 4 டைசல்ஃபைடு. அதில் 9440-க்கும் 8940-க்கும் இடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

எந்த ε என்று கவலைப்படுவதைவிட, எந்த வரிசையை ஒட்டினீர்கள் என்று பார்ப்பது நல்லது. குப்பியில் இருக்கும் சங்கிலி எதுவோ அதைத்தான் ஒட்ட வேண்டும். தரவுத்தளத்தில் இருப்பதை அப்படியே எடுக்கக் கூடாது. தரவுத்தளப் பதிவு பெரும்பாலும் செல் முதலில் தயாரிக்கும் முழுச் சங்கிலியைத் தரும், அதில் பின்னால் வெட்டி எறியப்படும் சமிக்ஞைப் பகுதியும் சேர்ந்தே இருக்கும். லைசோசைமின் பதிவில் 147 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அதிகப்படியான 18-இல் டிரிப்டோஃபேனோ டைரோசினோ இல்லை என்பதால் ε மாறாது, ஆனால் மூலக்கூறு எடை ஏறிவிடுவதால் மி.கி. கணக்கு 13 சதவீதம் கூடிவிடும். மோலார் கணக்கு மட்டும் தப்பிக்கும். பிஎஸ்ஏ-வில் இரண்டுமே தப்பாது. முதிர்ந்த பிஎஸ்ஏ-வில் 583 அமினோ அமிலங்கள், 2 டிரிப்டோஃபேன், 20 டைரோசின், 17 டைசல்ஃபைடு, ε 42925. வெட்டப்படும் 24 அமினோ அமிலங்களுக்குள் ஒரு டிரிப்டோஃபேனும் ஒரு டைரோசினும் ஒளிந்திருப்பதால் முழுப் பதிவை ஒட்டினால் 49915 வரும், 16 சதவீதம் பிழை. ஆய்வகங்களில் "பிஎஸ்ஏ கணக்கு ஒத்துவரவில்லை" என்று கேட்கும்போது நான் முதலில் எட்டிப்பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

உங்கள் விஷயத்தில் சமிக்ஞைப் பகுதி இல்லை என்றாலும், ஹிஸ்டிடின் வாலும் அதையடுத்த இணைப்புப் பகுதியும் சங்கிலியில் இன்னும் இருக்கின்றன. ஆறு ஹிஸ்டிடின்கள் 280-இல் எதையும் உறிஞ்சாது, ஆனால் இணைப்புப் பகுதியில் ஒரு டைரோசின் இருக்கலாம், எடையும் கூடும். ஜிஎஸ்டி போன்ற பெரிய வாலாக இருந்தால் கதையே வேறு: அதில் மட்டும் 4 டிரிப்டோஃபேனும் 14 டைரோசினும் இருக்கின்றன, தனியாகவே ε 42860. ஒரு சிறு பெப்டைடை அதனோடு சேர்த்து உருவாக்கிப் பின் வெட்டியவர்கள், வெட்டிய பிறகு புரதமே காணாமல்போய்விட்டது என்று பதறுவது உண்டு. போனது வால்தான், பெப்டைடிடம் 280-இல் காட்ட ஒன்றும் இருந்ததில்லை.

சரியான வரிசைக்கு 30940 என்றும் எடை 27,000 என்றும் எடுத்துக்கொண்டால், 1 மி.கி./மி.லி. கரைசல் 1.146 உறிஞ்சல் காட்ட வேண்டும். உங்கள் 2.4-ஐ 1.146-ஆல் வகுத்தால் 2.09 மி.கி./மி.லி. பலர் இங்கே நிறுத்தி, பிராட்ஃபோர்டைக் குறை சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் 2.4-இல் இருப்பது எல்லாம் உங்கள் புரதத்துடையதா?

இல்லை என்கிறது 0.98. டிரிப்டோஃபேனும் டைரோசினும் உள்ள தூய புரதத்தில் 260/280 விகிதம் 0.6-ஐ ஒட்டி இருக்கும், 0.57 என்பது வழக்கமாகக் கையாளப்படும் மதிப்பு. நியூக்ளிக் அமிலத்தின் உச்சம் 260-இல். 280-இல் அது அந்த உச்சத்தின் பாதியைச் சற்றே தாண்டிய அளவுக்கு உறிஞ்சுகிறது. 1 மி.கி./மி.லி. டிஎன்ஏ 260-இல் 20 உறிஞ்சல் காட்டும், உங்கள் புரதமோ 280-இல் 1.146 மட்டுமே காட்டும் என்பதை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எடையில் மிகக் குறைவான அசுத்தம்கூட ஏன் இவ்வளவு தூரம் எண்ணைத் தூக்கிவிடுகிறது என்பது விளங்கும். ஈ.கோலையிலிருந்து வரும் புரதத்தில், குறிப்பாக நேர் மின்னூட்டம் மிகுந்த புரதத்தில், இது மிகச் சாதாரணம். நிக்கல் தூண் அதைத் தானாக நீக்காது.

உங்கள் எண்களிலிருந்தே இரண்டையும் பிரித்துவிடலாம். 280-இல் புரதத்தின் பங்கை p என்றும், 260-இல் நியூக்ளிக் அமிலத்தின் பங்கை n என்றும் வைப்போம். 260-இல் மொத்தம் 2.4 × 0.98 = 2.35.

```
p + 0.55 n = 2.40
0.57 p + n = 2.35
```

இரண்டாவதிலிருந்து n = 2.35 − 0.57 p, முதலாவதில் இட்டால் 0.6865 p = 1.1075, எனவே p = 1.61, n = 1.43. புரதம் 1.61 / 1.146 = 1.41 மி.கி./மி.லி., அதாவது 52 மைக்ரோமோலார். நியூக்ளிக் அமிலம் 1.43-ஐ 20-ஆல் வகுக்க 0.07 மி.கி./மி.லி. எடைக்கணக்கில் புரதத்தின் ஐந்து சதவீதம்தான், ஆனால் 280-இல் நீங்கள் படித்த எண்ணில் மூன்றில் ஒரு பங்கு அதனுடையது.

இந்த 1.41-ஐ இரண்டு தசமத்துக்கும் நம்பிவிடாதீர்கள். 0.57 என்பதும் 0.55 என்பதும் சராசரிகள். உங்கள் புரதத்தின் சொந்த விகிதம் 0.50 என்றால் விடை 1.33, 0.65 என்றால் 1.50, கலந்திருப்பது டிஎன்ஏ-வுக்குப் பதில் ஆர்என்ஏ-வாக இருந்து 280-இல் பாதி மட்டுமே உறிஞ்சினால் 1.49. ஆகவே 1.3-க்கும் 1.5-க்கும் இடையில் என்று சொல்வதே நேர்மை. பழைய கையேடுகளில் 1.55 × A280 − 0.76 × A260 என்ற வாய்பாடு இருக்கும். 1942-இல் வார்பர்க்கும் கிறிஸ்டியனும் தந்தது. அதில் உங்கள் எண்களை இட்டால் 1.93 வரும். அந்த வாய்பாட்டுக்குள் உட்கார்ந்திருப்பது ஈஸ்ட்டின் இனோலேஸ் என்ற ஒரே புரதத்தின் குணகம். அது 1 மி.கி./மி.லி.-க்கு 0.9 உறிஞ்சல் காட்டுவது. நியூக்ளிக் அமிலத்தைக் கழிக்கும் வேலையை அது ஓரளவு செய்கிறது, ஆனால் மிச்சத்தை வேறொரு புரதத்தின் அளவுகோலால் அளக்கிறது.

உண்மையான தீர்வு கணக்கில் இல்லை, தூணில் இருக்கிறது. அடுத்த முறை புரதம் நிக்கல் தூணில் பிடித்திருக்கும்போதே 1 M சோடியம் குளோரைடு கலந்த பஃபரால் தாராளமாகக் கழுவுங்கள். உப்பு மிகுதியில் நியூக்ளிக் அமிலத்தின் மின்னூட்டப் பிடி தளர்ந்துவிடும். செல்களை உடைக்கும்போதே நியூக்ளியேஸ் சேர்ப்பதும் உதவும். புரதம் டிஎன்ஏ-வோடு பிணைவதையே தொழிலாகக் கொண்டதென்றால் ஹெப்பாரின் தூண் அல்லது அயனிப் பரிமாற்றத் தூண் தேவைப்படலாம். விகிதம் 0.6-ஐ ஒட்டி இறங்கிய பிறகு 280 எண்ணை நேரடியாக 30940-ஆல் வகுத்துக்கொள்ளலாம். அப்போது மேலே போட்ட சமன்பாடுகள் தேவையே இல்லை.

பிராட்ஃபோர்டு 1.1 சொன்னதில் வியப்பில்லை. அந்தச் சாயம் பெரும்பாலும் ஆர்ஜினினைப் பிடிக்கிறது. பிஎஸ்ஏ அதற்கு மற்றப் பல புரதங்களைவிட வலுவாக நிறம் காட்டும். பிஎஸ்ஏ-வை அளவுகோலாக வைத்தால் மற்றப் புரதங்கள் குறைத்துக் காட்டப்படுவது வழக்கம், 1.4 இருக்க வேண்டிய இடத்தில் 1.1 என்பது எதிர்பார்க்கக்கூடிய இடைவெளிதான். ஆயினும் அந்த அளவீட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு: சாயம் நியூக்ளிக் அமிலத்தைப் பொருட்படுத்துவதில்லை. 280 கணக்கும் பிராட்ஃபோர்டும் இரண்டு மடங்கு விலகினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது 280-இல் ஒளிந்திருக்கும் அந்நியரைத்தான்.

அளவிடும்போது ஒற்றை எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளாமல் 240 முதல் 350 வரை முழு நிறமாலையையும் பாருங்கள். டிரிப்டோஃபேன் உள்ள தூய புரதத்தில் 280-ஐ ஒட்டி ஓர் உச்சமும், 290 அருகே ஒரு சிறு தோளும், 250-ஐ ஒட்டி ஒரு பள்ளமும், 310-க்கு மேல் தட்டையான கோடும் இருக்கும். பள்ளம் நிரம்பி, உச்சம் 260 பக்கம் சாய்ந்தால் நியூக்ளிக் அமிலம். 310-க்கு மேல் கோடு சரிவாக ஏறினால் திரள். திரள் இருந்தால் கணக்கில் கழிப்பதைவிட அதிவேகமாகச் சுழற்றித் தெளிவை எடுத்து மீண்டும் அளப்பதே மேல். பல கருவிகள் 340-இல் உள்ளதைத் தானாகக் கழிப்பதாகக் காட்டிக்கொள்ளும். அவை அதே எண்ணைத்தான் கழிக்கின்றன, 2.17 மடங்கை அல்ல.

எலூஷன் பஃபரையே பிளாங்காக வைத்தது மிகச் சரி. 250 மில்லிமோலார் இமிடசோல், அதன் தரத்தைப் பொறுத்து, 280-இல் கண்ணுக்குத் தெரியும் உறிஞ்சலைத் தரக்கூடும். ஆனால் டிடிடி சேர்த்த பஃபரில் இன்னொரு வில்லங்கம்: புதிய டிடிடி 280-இல் அமைதியாக இருக்கும், காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகு அதன் ε ஏறத்தாழ 273. 1 மில்லிமோலார் முழுவதும் அப்படி மாறினால் 0.27. பிளாங்க் பஃபர் புதிதாகவும் புரதக் குப்பி மூன்று நாள் பழையதாகவும் இருந்தால் இந்த வித்தியாசம் முழுவதும் புரதத்தின் கணக்கில் ஏறிவிடும். டிரைட்டன் எக்ஸ்-100 போன்ற வளையமுள்ள சோப்புப் பொருள்கள் இருந்தால் 280 அளவீட்டை மறந்துவிடலாம்.

எல்லாம் சுத்தமாக இருக்கும்போது இந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பீர்கள். டிரிப்டோஃபேன் உள்ள புரதங்களுக்குப் பெரும்பாலும் ஐந்து சதவீதத்துக்குள் வரும். டிரிப்டோஃபேன் இல்லாத புரதத்தில் பிழை பத்து சதவீதத்தைத் தாண்டலாம் என்று ProtParam-ஏ எச்சரிக்கிறது. காரணம், மடிந்த புரதத்தில் ஒவ்வொரு வளையமும் இருக்கும் சூழல் வேறு; எண்ணெய்ப்பசையுள்ள உட்பகுதியில் புதைந்த வளையமும் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் வளையமும் ஒரே அளவு உறிஞ்சுவதில்லை. 5500-உம் 1490-உம் அந்தச் சூழல்களின் சராசரி. டைரோசினைப் பொறுத்தவரை இன்னொரு நிபந்தனையும் உண்டு: பிஎச் 10-ஐ நெருங்கினால் அது புரோட்டானை இழந்து, அதன் உச்சம் 275-இலிருந்து 295-க்கு நகர்ந்து உயர்ந்துவிடும், அங்கே இந்த எண்கள் செல்லாது.

ஐந்து சதவீதம் போதாது, பிணைப்பு எண்ணிக்கையையோ நொதியின் செயல்வேகத்தையோ துல்லியமாகக் கணக்கிட வேண்டும் என்றால், எடல்ஹாக்கின் வழி கையில் இருக்கிறது. மடிப்பு அவிழ்ந்த சங்கிலியில் எல்லா வளையங்களும் ஒரே சூழலில் இருப்பதால் அங்கே கூட்டல் கணக்கு இன்னும் உண்மையாகிறது. ஒரே மூலக் கரைசலிலிருந்து ஒரே அளவை இரண்டு குழாய்களில் எடுத்து, ஒன்றை பஃபராலும் மற்றதை இறுதியில் 6 M வரும்படி தூய குவானிடின் ஹைட்ரோகுளோரைடாலும் ஒரே கனஅளவுக்கு நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் அதற்கான பிளாங்கை வைத்து 280-இல் அளங்கள். செறிவு இரண்டிலும் ஒன்று என்பதால் உறிஞ்சல்களின் விகிதமே குணகங்களின் விகிதம். லைசோசைமுக்கு அவிழ்ந்த நிலைக் குணகம் 6 × 5690 + 3 × 1280 + 4 × 120 = 38460. மடிந்த நிலையில் 0.640, குவானிடினில் 0.650 என்று படித்தால், மடிந்த லைசோசைமின் குணகம் 38460 × 0.640 / 0.650 = 37870. கூட்டல் தந்த 37970-க்கும் இதற்கும் கால் சதவீதம்தான் இடைவெளி. உங்கள் புரதத்துக்கு இதை ஒருமுறை மூன்று தனித்தனி மாதிரிகளில் செய்து வைத்துக்கொண்டால், அந்த எண் அந்தப் புரதத்தோடு எப்போதும் வரும். ஆனால் நியூக்ளிக் அமிலத்தை நீக்கிய பிறகே செய்யுங்கள்; இப்போதுள்ள மாதிரியில் செய்தால் விகிதத்தில் அதுவும் கலந்துவிடும்.

டிரிப்டோஃபேனோ டைரோசினோ இல்லாத, அல்லது ஒரே ஒரு டைரோசின் மட்டும் உள்ள புரதத்துக்கு 280-ஐ வற்புறுத்த வேண்டாம். யுபிக்விட்டினில் ஒரே டைரோசின், 1 மி.கி./மி.லி. இருந்தாலும் 0.17 தான் காட்டும், அதில் சிறு சிதறலோ சிறு நியூக்ளிக் அமிலமோ எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அத்தகைய புரதத்துக்கு பெப்டைடு பிணைப்பே உறிஞ்சும் 205 நானோமீட்டர் உண்டு. அங்கே 1 மி.கி./மி.லி. ஏறத்தாழ 31 காட்டுவதால் மிக நீர்த்த கரைசலே போதும். ஆனால் இமிடசோல், டிடிடி என்று பஃபரில் போடும் பலவும் அங்கே உறிஞ்சும் என்பதால் பாஸ்பேட் போன்ற எளிய பஃபருக்கு மாற்றிய பிறகே அளக்க வேண்டியிருக்கும். நான்கு டிரிப்டோஃபேன் உள்ள உங்கள் புரதத்துக்கு அந்தச் சிரமம் வராது.